டிசம்பரில் எல்லோரும் ஒன்றுகூட: பிள்ளைகளுக்கு அம்மா எழுதும் மெசேஜ்

"எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போயிட்டு வரலாமா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா கேட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. ஒரு பிள்ளை இதயம் போடும். இன்னொன்று "சூப்பர் மா" என்று எழுதும். மூன்றாவது பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும். நான்கு நாள் கழித்து அதற்கு மேலே யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம் வந்து உட்கார்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. எப்போது, எங்கே, யார் செலவில் என்ற மூன்றும் அதில் இல்லை. லீவு கேட்க வேண்டியவருக்குத் தேதி வேண்டும். வீட்டுக்கடன் கட்டுகிறவருக்குத் தொகை தெரிய வேண்டும். மருமகளுக்கோ, அந்த நாளில் தன் அம்மா வீட்டுக்குப் போக முடியுமா என்பது தெரிய வேண்டும். இவ்வளவையும் ஒரே மெசேஜில் வைத்து, ஒரு வரியில் பதில் சொல்லும்படி எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவும் அப்பாவும் மதுரையில். அப்பாவுக்கு முழங்கால் வலி. பெரியவன் சென்னையில், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மகள் சிங்கப்பூரில், கணவர், எட்டு வயதில் ஒரு பையன். சின்னவன் பெங்களூரில், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மொத்தம் பத்துப் பேர். மூன்று இரவு சேர்ந்து தங்க வேண்டும். காலம் 2026 டிசம்பர் கடைசி.

முதலில் போன், அப்புறம்தான் மெசேஜ்

மெசேஜ் எழுதும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு முறை பேசிவிடுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் "எனக்கு முடியாது" என்று சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள். அதனால்தான் பலர் பதிலே சொல்வதில்லை. போனில் இரண்டு நிமிடத்தில் உண்மை வெளியே வந்துவிடும்.

போனில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. டிசம்பர் கடைசியில் எந்த நாட்கள் கட்டாயம் முடியாது? சம்பந்தி வீட்டில் அந்தச் சமயம் ஏதாவது விசேஷம் இருக்கிறதா? சாப்பாட்டிலும் உடம்பிலும் கவனிக்க வேண்டியது என்ன? "எப்ப முடியும்?" என்று கேட்காதீர்கள், "எப்ப முடியாது?" என்று கேளுங்கள். முடியும் நாட்களைச் சொல்ல எல்லோரும் யோசிப்பார்கள், முடியாத நாள் வாயில் தயாராக இருக்கும்.

மருமகளிடம் நீங்களே பேசுங்கள். மகன் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது அவளுக்கு உத்தரவாகத்தான் போய்ச் சேரும். மாப்பிள்ளையின் வசதியை முதலில் மகளிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அழைப்பு அவரிடம் நேரே போக வேண்டும், அதிலும் மாமனார் ஒரு வார்த்தை பேசிவிட்டால் நல்லது. "மாப்பிள்ளை, டிசம்பர்ல ஊருக்கு வர்றப்ப எங்களோட மூணு நாள் இருக்கணும், உங்களுக்கு எது வசதியோ அதைச் சொல்லுங்க" என்றால் போதும். இதை விட்டுவிட்டு மெசேஜில் மட்டும் சேர்த்தால், எல்லாம் முடிவான பிறகு தகவல் சொன்னது மாதிரி ஆகிவிடும்.

ஆனால் போனில் பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "உன்னால எவ்வளவு போட முடியும்?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் உண்மையான பதிலைச் சொல்லாது. பணத்தைக் கையாள வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தேதி: இரண்டு மட்டும் சொல்லுங்கள்

நம் வீடுகளில் பொங்கலும் தீபாவளியும் ஒன்றுகூடும் நாட்கள்தான். ஆனால் அந்த நாட்களில் கல்யாணமான பிள்ளைகளுக்கு இரண்டு வீடு. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கும். நீங்கள் பொங்கலைக் கேட்டால் அந்த ஏற்பாடு கலையும், சம்பந்தி வீட்டில் மனத்தாங்கல் வரும். தவிர ஜனவரி தொடக்கத்திலேயே சிங்கப்பூரில் பள்ளி திறந்துவிடும். மகள் குடும்பத்தோடு பொங்கலுக்கு வருவது கடினம்.

டிசம்பர் கடைசிக்கு ஒரு வசதி உண்டு. அது மார்கழி மாதம். முகூர்த்தம் கிடையாது, ஆகவே எந்தச் சொந்தக்காரர் கல்யாணமும் குறுக்கே வராது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. சிங்கப்பூரில் நவம்பர் பிற்பகுதியில் தொடங்கும் ஆண்டு இறுதி விடுமுறை டிசம்பர் முழுக்க இருக்கும். 2026-இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் சேர்ந்து கிடைக்கின்றன, லீவு எடுக்கத் தேவையே இல்லை அல்லது வியாழக்கிழமை அரைநாள் போதும்.

ஆக முதல் தேதி டிசம்பர் 24 வியாழன் இரவு முதல் 27 ஞாயிறு இரவு வரை. இரண்டாவது, டிசம்பர் 31 வியாழன் இரவு முதல் ஜனவரி 3 ஞாயிறு வரை. இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. மகளின் பையனுக்கு உடனே பள்ளி திறக்கும், அவள் விமான நிலையத்துக்கு ஓட வேண்டியிருக்கும். அதை மறைக்காமல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவது தேதி வேண்டாம். மூன்று தேதி கொடுத்தால் மூன்று பேர் மூன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு நீங்கள் பஞ்சாயத்து செய்ய வேண்டும்.

மார்கழிக்கே உரிய இன்னொரு விஷயம். சின்னவன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறானா என்று கேட்டுவிடுங்கள். போட்டிருந்தால் சாப்பாட்டுத் திட்டமே மாறும்.

ஊர்: வயதானவர் கால்தான் முதல் கணக்கு

இங்கும் இரண்டுதான். அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருக்க வேண்டும். ஊட்டியா கொடைக்கானலா என்று கேட்பதில் பெரிய தேர்வு ஒன்றுமில்லை. காரைக்குடியா கொடைக்கானலா என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும்.

காரைக்குடி மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், சமதளச் சாலை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து காரைக்குடிக்குக் காரில் இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவு காரைக்குடியில் விட்டுவிடும். திரும்பும்போது, ராமேசுவரத்திலிருந்து சென்னை போகும் இரவு ரயில்கள் அந்த வழியாகவே வருகின்றன. சின்னவன் இரவுப் பேருந்தில் வந்துவிடுவான். செட்டிநாட்டு வீடுகள் சில இப்போது தங்கும் விடுதிகளாகிவிட்டன. பத்துப் பேர் உட்கார்ந்து பேசத் திண்ணையும் முற்றமும் அங்கே இருக்கும், சாதாரண ஓட்டலில் அது கிடைக்காது.

ஆனால் பழைய வீடு என்றால் வாசலில் உயரப் படி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி, சில இடங்களில் மாடியில்தான் அறை. விடுதிக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, அறையோடு சேர்ந்த வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, வாசல் வரை கார் வருமா. முழங்கால் வலிக்காரரை அழைத்துக்கொண்டு போய் இறங்கிய பிறகு இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கூடாது.

கொடைக்கானல் பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டிசம்பரில் குளிர் கடுமையாக இருக்கும், ராத்திரி ஸ்வெட்டர் மட்டும் போதாது. மலைப்பாதை வளைவுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், வண்டி ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். epass.tnega.org தளத்தில் இலவசமாக எடுக்கலாம். வாடகை வண்டி என்றால் ஓட்டுநர் எடுப்பாரா, நாம் எடுக்க வேண்டுமா என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு பத்துப் பேரும் போனைத் தட்டுவது நல்ல தொடக்கமல்ல.

என்னைக் கேட்டால், பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்து வரும்போது காரைக்குடிதான். கொடைக்கானலில் அந்த வாரம் ஏரிச் சாலையில் வண்டி நகர்வதற்கே நேரம் போகும். ஆனால் அம்மா தன் விருப்பத்தை மெசேஜில் எழுதக் கூடாது. எழுதினால் பிள்ளைகள் அதற்கே சரி என்பார்கள், அப்புறம் போன இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பணம்: உங்கள் பங்கை முதலில் சொல்லுங்கள்

பெரும்பாலான மெசேஜ்கள் தடுமாறுவது இங்கேதான். சில அம்மாக்கள் பணத்தைப் பற்றி எழுதவே மாட்டார்கள். அப்போது பெரியவன் "எல்லாம் என் தலையில்தான்" என்று நினைத்துக்கொள்வான், சின்னவன் "அப்பா பார்த்துக்கொள்வார்" என்று நினைத்துக்கொள்வான், மாப்பிள்ளை கடைசி நாளில் பில்லைக் கட்டப் பாய்வார். இன்னும் சிலர் மொத்தச் செலவையும் தலைக்கு வகுத்துவிடுவார்கள். பத்துப் பேருக்கு வகுத்தால் இரண்டு பிள்ளை உள்ள பெரியவனுக்கு நான்கு பங்கு வரும். சம்பளமும் கடனும் ஒரே மாதிரி இல்லாத வீட்டில் அது நியாயமாக இருக்காது.

காரைக்குடிக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். விலைகள் விடுதிக்கு விடுதி மாறும், நீங்கள் கேட்டு வாங்கிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வாடகையில் நான்கு அறை, மூன்று இரவு: 60,000. ஞாயிற்றுக்கிழமை பகலில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், ரயிலோ ராத்திரிதான். ஆகவே ஓர் அறையை மட்டும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளை வைக்க, அப்பா படுக்க, பிள்ளைகள் குளிக்க. அது 5,000. இந்த 65,000-க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 3,250. பிள்ளைகளுக்குக் கூடுதல் மெத்தை இரண்டு, மூன்று இரவுக்கு 6,000. ஆக தங்குவதற்கு 74,250.

காலை உணவு அறை வாடகையில் சேர்த்தி என்று வைத்துக்கொண்டால், மதியமும் இரவுமாக ஆறு வேளை. சராசரியாகத் தலைக்கு 350 போட்டால் 21,000. பத்துப் பேரும் ஒன்றாகப் போக டெம்போ டிராவலர் ஓட்டுநர் பேட்டாவோடு மூன்று நாளுக்கு 22,500. டீ, நுழைவுச் சீட்டு, அர்ச்சனை என்று சில்லறைக்கு 5,000. எல்லாம் சேர்ந்து 1,22,750. இதோடு பத்தில் ஒரு பங்கு கையிருப்பு சேர்த்து 1,35,000 என்று முழுமையாக்கிக்கொள்ளலாம்.

இதில் அம்மா அப்பா 60,000 போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 75,000. குடும்பமாக வரும் இருவர் 30,000, 30,000, தனியாக வரும் சின்னவன் 15,000. ஊருக்கு வந்து போகும் டிக்கெட் அவரவர் செலவு. பெற்றோர் எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு விதி எதுவும் இல்லை, ஆனால் ஒரு தொகையை முதலில் சொல்வதில் ஒரு பலன் இருக்கிறது. செலவு முழுவதும் பிள்ளைகள் மீது விழவில்லை என்பது தெரிந்துவிடும். அதே சமயம் வைத்தியத்துக்கு எடுத்து வைத்த வைப்புத் தொகையை உடைத்து எல்லாவற்றையும் நீங்களே கட்டுவதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது தெரியவந்தால் மூன்று நாளும் ஒவ்வொரு பில்லுக்கும் சண்டை போடுவார்கள்.

பணத்தில் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு ஒரு வழி வைக்க வேண்டும். அதற்கு மெசேஜில் ஒரே ஒரு வரி போதும்: "தொகையைப் பத்திப் பேசணும்னா எனக்குத் தனியா போன் பண்ணுங்க." யாராவது அப்படிப் பேசினால், குறையும் தொகையை நீங்கள் சத்தமில்லாமல் கையிருப்பிலிருந்து சரிக்கட்டுங்கள். மற்ற இருவருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

விடுதியிடம் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. டிசம்பர் 24, 31 இரவுகளில் பல விடுதிகள் 'காலா டின்னர்' என்று தலைக்கு ஒரு தொகையைக் கட்டாயமாக வாங்குகின்றன. பத்துப் பேர் என்றால் அது ஒரு நாள் அறை வாடகையையே தாண்டிவிடும். "இந்தத் தேதிக்குக் கட்டாயக் கட்டணம் வேறு ஏதாவது இருக்கா? ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? எத்தனை வயசு வரைக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதை வரவேற்பறையில் இருப்பவர் மறந்துவிடுவார்.

பொழுது: நாளைக்கு ஒன்று கட்டாயம், மற்றது இஷ்டம்

காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை நிரப்பி எழுதிய திட்டத்தைப் பார்த்தால் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சலிப்புதான் வரும். அவர்கள் தூங்கவும்தான் வருகிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றை எல்லோரும் சேர்ந்து செய்வதாக வையுங்கள். மற்றவை விரும்பியவர்களுக்கு.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார்பட்டி, எல்லோரும். விடுமுறை நாள், மார்கழி வேறு, கூட்டம் இருக்கும். சீக்கிரம் போய்விடுவது நல்லது. மதியம் தூக்கம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கானாடுகாத்தான் தெருக்களில் நடை, விருப்பமுள்ளவர்களுக்கு.

சனிக்கிழமை ஆத்தங்குடி, எல்லோரும். தரையில் பதிக்கும் பூங்கல் செய்யும் பட்டறையைப் பேரப்பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதற்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, பின்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. அந்தக் கண்ணாடியால்தான் கல்லுக்குப் பளபளப்பு வருகிறது. போகும் முன் பட்டறையில் அன்று வேலை நடக்கிறதா என்று விடுதிக்காரரை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் மருமகளும் மகளும் கண்டாங்கிச் சேலை பார்க்கப் போகலாம், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. பழம்பொருள் பிடித்தவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகலாம். அப்பா விடுதித் திண்ணையில் பேப்பர் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாழையிலை விருந்து, எல்லோரும். பல வீடுகளில் வெள்ளியும் சனியும் அசைவம் இல்லை. காரைக்குடிக்குப் போய்விட்டு நாட்டுக்கோழி சாப்பிடாமல் திரும்பினால் சின்னவன் மன்னிக்க மாட்டான், ஆகவே அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துவிடுங்கள். அவன் மாலை போட்டிருந்தால் சைவ விருந்து. காலையில் இளவட்டங்கள் திருமயம் கோட்டைக்குப் போய் ஏறிவிட்டு வரட்டும். படி அதிகம், முழங்கால் வலிக்காரர் போக வேண்டாம்.

இப்போது மெசேஜ்

எழுதும்போது கவனிக்க வேண்டியது நீளம். போன் திரையில் இரண்டு தடவை தள்ளிப் பார்ப்பதற்குள் முடிய வேண்டும். காலைப் பலகாரக் கணக்கெல்லாம் அதில் வேண்டாம், அது கேட்பவர்களுக்குத் தனியாக. "நாங்க இன்னும் எத்தனை நாள் இருப்போமோ" என்ற வரியை எழுதாதீர்கள். அதைப் படித்த பிள்ளை வருவான், ஆனால் சந்தோஷமாக வர மாட்டான். முடிவில் பதிலை எப்படி எழுத வேண்டும் என்று நீங்களே காட்டிவிடுங்கள். இப்படி இருக்கலாம்:

"பிள்ளைகளா, போன்ல பேசினதை வச்சு அப்பாவும் நானும் ஒரு திட்டம் போட்டிருக்கோம். மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் சேர்த்துத்தான் இது.

தேதி: 1) டிசம்பர் 24 வியாழன் ராத்திரியிலேர்ந்து 27 ஞாயிறு ராத்திரி வரை. 2) டிசம்பர் 31 ராத்திரியிலேர்ந்து ஜனவரி 3 ஞாயிறு வரை. இரண்டாவதுன்னா பாப்பாவுக்கு உடனே ஊருக்குக் கிளம்பணும், பையனுக்கு ஸ்கூல்.

ஊர்: 'கா' காரைக்குடி. செட்டிநாட்டு வீட்டுல தங்கல், பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, ஞாயித்துக்கிழமை விருந்து. 'கொ' கொடைக்கானல். ஏரி, படகு, குளிர், மலைப்பாதை. அப்பா வண்டியை விட்டு அதிகம் இறங்க மாட்டார்.

செலவு: காரைக்குடின்னா மொத்தம் 1,35,000. அப்பாவும் நானும் 60,000 போடறோம். பெரியவன் 30,000, பாப்பா 30,000, சின்னவன் 15,000. கொடைக்கானல்னா அந்த வாரம் அறை வாடகை கூட, மொத்தம் 1,75,000 வரைக்கும் ஆகும். நாங்க அதே 60,000, பெரியவனும் பாப்பாவும் 46,000, சின்னவன் 23,000. தங்கல், சாப்பாடு, அங்கே சுத்துற வண்டி எல்லாம் இதுல அடக்கம். வந்து போற டிக்கெட் அவங்கவங்க. தொகையைப் பத்திப் பேசணும்னா எனக்குத் தனியா போன் பண்ணுங்க, தப்பே இல்லை.

தினமும் ஒண்ணு மட்டும்தான் எல்லாரும் சேர்ந்து. மத்த நேரம் தூங்கறவங்க தூங்கலாம்.

செப்டம்பர் 20 ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் போடுங்க. '1, கா, சரி' இப்படிப் போட்டாப் போதும். பதில் வரலைன்னா 21-ஆம் தேதி நானே கூப்பிடுவேன்."

கொடைக்கானல் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1,75,000-இல் 60,000 போக 1,15,000. அதை இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்தால் 46,000, 46,000, 23,000. காரைக்குடிக்கும் அதே விகிதம்தான். ஊர் மாறும்போது விகிதத்தை மாற்றினால், "அவனுக்கு மட்டும் ஏன் குறைச்சே?" என்று பேச்சு வரும்.

வாட்ஸ்அப்பில் Poll என்ற வசதி இருக்கிறது. தேதிக்கு அதைப் பயன்படுத்தலாம். "Allow multiple answers" என்பதைத் திறந்தே வையுங்கள், இரண்டு தேதியும் முடிகிறவர் இரண்டையும் தொடட்டும். பணத்துக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். யார் எதைத் தொட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மெசேஜைக் குழுவில் Pin செய்துவிட்டால் மேலேயே நிற்கும், 30 நாள் வரை வைக்கலாம்.

செப்டம்பர் 20 ஏன்?

அந்தத் தேதி அறைக்காகவும் ரயிலுக்காகவும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குத் திறக்கும். 27 திரும்பும் பயணத்துக்கு அக்டோபர் 28. அன்று காலையில் உட்கார வேண்டியது பெரியவன். விடுமுறை வாரத்து இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு திறந்த உடனே பதிவு செய்ய ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதை முந்தின வாரமே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அறைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. செப்டம்பர் கடைசிக்குள் முன்பணம் கட்டிவிட வேண்டும். கட்டும் முன், எந்தத் தேதி வரை ரத்து செய்தால் முன்பணம் முழுதும் திரும்பும் என்று கேளுங்கள். அந்தத் தேதி அக்டோபர் 28-க்குப் பின்னால் இருந்தால் நல்லது. ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் அறையைத் தள்ளிப்போட வாய்ப்பு இருக்கும்.

பதில்கள் பிரிந்தால்? தேதியில் பிரிந்தால், தூரத்திலிருந்து வருகிறவர் பக்கம் சாயுங்கள். சிங்கப்பூர் விமான டிக்கெட்டை மாற்றுவது சென்னை லீவை மாற்றுவதைவிடச் சிரமம். ஊரில் பிரிந்தால் அப்பாவின் முழங்கால் முடிவு செய்யட்டும். முடிவைச் சொல்லும்போது காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இன்னொரு சுற்று விவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

முடிவான பிறகு அனுப்பும் இரண்டாவது மெசேஜ் இன்னும் சின்னது. தேதி, ஊர், விடுதியின் இருப்பிடத்துக்கான வரைபட இணைப்பு, யாருக்கு எந்த அறை, யார் எதைப் பார்த்துக்கொள்வது. வேலையைப் பிரிக்கும்போது பெயர் சொல்லிப் பிரியுங்கள்: ரயில் பெரியவன், வண்டி சின்னவன், சாப்பாடு சொல்வது மருமகள், கணக்கு எழுதுவது மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் ஏதாவது ஒன்றைக் கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் மூன்று நாளும் விருந்தாளியாக நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம், அவருக்கே அது அலுத்துவிடும். பங்குத் தொகையை அக்டோபர் 15-க்குள் ஒரே கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே போய் ஒவ்வொரு பில்லாகப் பிரிப்பதற்குப் பதிலாக, எல்லாம் அதிலிருந்தே போகட்டும், மீந்ததைத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஒருவர் வர முடியாமல் போவது உண்டு. சின்னவனுக்குக் கடைசி வாரத்தில் வேலை வந்து நிற்கும். அப்போது அவன் பங்கை என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். அறைக்குக் கட்டியது திரும்பாது, சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஒதுக்கியதில் அவன் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வண்டி வாடகை ஒரு ஆள் குறைவதால் குறையாது, அந்த வித்தியாசம் கையிருப்பிலிருந்து. மகள் குடும்பத்தால் வர முடியவில்லை என்றால் கதை வேறு, அப்போது தேதியை மாற்றுவதுதான் சரி. மூன்றில் ஒரு வீடே இல்லாமல் போவதற்கு, கோடை விடுமுறைக்குத் தள்ளிவைத்து மறுபடி போன் செய்யத் தொடங்கலாம். அப்போது வெயிலுக்குக் காரைக்குடி சரிப்படாது, கொடைக்கானல்தான். சிங்கப்பூர் பள்ளிகளுக்கு மே கடைசியில்தான் விடுமுறை என்பதால் தேதியை அதற்கேற்ப ஜூன் முதல் வாரத்தில் பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளி எப்போது திறக்கிறது என்று பெரியவனைக் கேட்டுக்கொண்டு.